அலைபேசியில் 68 சதவீதம், தொட்டியிலோ நீர் வழிகிறது: எம்க்யூடிடி அமைப்பில் எங்கே கோளாறு?

கேணிக்கரை:
மேல்தொட்டியில் ஓர் ஈஎஸ்பி32 பலகையும் அல்ட்ராசோனிக் சென்சாரும் வைத்திருக்கிறேன். 30 விநாடிக்கு ஒருமுறை நீர்மட்டத்தை அனுப்பும். கீழே மோட்டார் அருகே இன்னொரு பலகை, ரிலேவுடன். வீட்டுக்குள் எப்போதும் ஓடும் சிறு கணினியில், செய்திகளை வாங்கி உரியவர்களுக்குக் கொடுக்கும் மொஸ்கிட்டோ புரோக்கர். அலைபேசியில் ஓர் எம்க்யூடிடி செயலி. அதில் மட்டத்தைப் பார்க்கலாம், பொத்தானை அழுத்தி மோட்டாரை ஓட விடலாம். மட்டம் 95 வந்ததும் மோட்டார் பலகை தானே நிறுத்திவிடும். பல மாதங்களாக ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

நேற்று மின்சாரம் போய் வந்தது. சற்று நேரத்தில் தொட்டி நிரம்பி வழிகிறது, மோட்டார் ஓடுகிறது. பொத்தானை யாரும் தொடவில்லை. செயலியைத் திறந்தால் 68 சதவீதம் என்று சாவகாசமாகக் காட்டுகிறது. சுவரிலுள்ள சுவிட்சை அணைத்து மோட்டாரை நிறுத்தினேன். பலகைகளை இன்னும் தொடவில்லை. மோட்டாரை ஓட விட்டது யார்? 68 எங்கிருந்து வந்தது?

பழைய மீட்டர்:
தொட்டி உருளையா, கீழே குறுகியதா? உருளை இல்லையென்றால் உயரத்தை வைத்துச் சதவீதம் போட முடியாது. சென்சாரிலிருந்து அடிமட்டம் வரை எத்தனை சென்டிமீட்டர் என்று நிரலில் கொடுத்திருக்கிறீர்கள்? அங்கேதான் பிழை இருக்கும்.

கேணிக்கரை:
உருளைதான் ஐயா. காலித் தொட்டியில் நீர் 145 செ.மீ. தூரத்தில், நிரம்பினால் 25 செ.மீ. இடையில் 120. இத்தனை நாள் சரியாகவே காட்டியது. இப்போது கணக்கு தவறவில்லை, எண் நகரவே இல்லை. நீர் வழிந்துகொண்டிருந்தபோதும் 68தான்.

வேலன் கே:
செய்தி தொலைந்திருக்கிறது, வேறென்ன? இயல்பாக க்யூஓஎஸ் 0தான் இருக்கும். அனுப்பியது போய்ச் சேர்ந்ததா என்று யாரும் கேட்பதில்லை. எல்லா டாபிக்கையும் க்யூஓஎஸ் 2 ஆக்கிவிடுங்கள். ஒரே ஒருமுறை, உறுதியாகப் போய்ச் சேரும். மோட்டார் பலகைக்கு கிளீன் செஷனையும் அணைத்துவிட்டால், அது இணைப்பில் இல்லாதபோது வந்த கட்டளைகளைப் புரோக்கர் பிடித்து வைத்துப் பிறகு கொடுக்கும்.

மின்தடம்:
வேலன் சொன்னதைச் செய்துவிடாதீர்கள், அதற்குப் பிறகு வருகிறேன். பலகைகளைத் தொடாமல் விட்டது நல்லதாயிற்று. புரோக்கர் கணினியில் இதை ஓட்டி, வருவதை அப்படியே இங்கே ஒட்டுங்கள். ஒரு சில நிமிடம் ஓடட்டும்.

```
mosquitto_sub -t '#' -F '%t %p r=%r'
```

பயனர்பெயர், கடவுச்சொல் வைத்திருந்தால் `-u`, `-P` சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேணிக்கரை:
ஓட்டிய கணமே இந்த மூன்று வரிகள் வந்தன. பிறகு திரை அசையவே இல்லை.

```
thotti/alavu 68 r=1
motor/kattalai ON r=1
motor/nilai ON r=1
```

மின்தடம்:
நடந்தது முழுவதும் இந்த மூன்று வரிகளில் இருக்கிறது.

முதலில் அந்த `r=1`. ரீடெயின் குறியோடு அனுப்பிய கடைசிச் செய்தியைப் புரோக்கர் தன்னிடம் வைத்துக்கொள்ளும். யார் புதிதாக சப்ஸ்கிரைப் செய்தாலும் அதை உடனே எடுத்துக் கொடுக்கும். அப்படிக் கொடுக்கும்போது குறி 1. ஏற்கெனவே காத்திருப்பவருக்குப் புதிதாக வந்து சேரும் செய்தியில், அனுப்பியவர் ரீடெயின் போட்டே அனுப்பியிருந்தாலும் குறி 0 ஆகிவிடும். ஆகவே உங்கள் திரையில் `thotti/alavu 68 r=1` வந்தபின் 30 விநாடிக்கு ஒரு `r=0` வரி வந்துகொண்டே இருக்க வேண்டும். ஒன்றுகூட வரவில்லை. தொட்டிப் பலகை பேசவே இல்லை. 68 என்பது மின்சாரம் போகுமுன் அது கடைசியாகச் சொன்னது. செயலிக்கு அது பழையது என்று தெரியாது.

இரண்டாவது வரிதான் மோட்டாரை ஓட விட்டது. செயலியின் பொத்தான் அமைப்பில் ரீடெயின் என்று ஒரு கட்டம் டிக் செய்யப்பட்டிருக்கும், பாருங்கள். நேற்று காலையில் நீங்கள் மோட்டாரைப் போட்டிருப்பீர்கள். 95 வந்ததும் பலகை தானாக நிறுத்தியது. அப்போது `motor/kattalai` டாபிக்கில் யாரும் OFF எழுதவில்லை, எழுத வேண்டிய தேவையும் இல்லை. அங்கே ON அப்படியே உட்கார்ந்திருந்தது. மின்சாரம் வந்து மோட்டார் பலகை மீண்டும் சப்ஸ்கிரைப் செய்ததும் புரோக்கர் அந்த ON-ஐ நீட்டியது. கூடவே 68-ஐயும் நீட்டியது. 95-க்குக் கீழேதானே இருக்கிறது என்று பலகை நிம்மதியாக ஓடியது. நிறுத்தச் சொல்ல வேண்டிய தொட்டிப் பலகை எழுந்திருக்கவே இல்லை.

அது ஏன் எழவில்லை? அதன் நிரலில் வைஃபை இணைப்பு `setup()` உள்ளே இருக்கிறதா?

கேணிக்கரை:
ஆம், `setup()` உள்ளேதான். பத்து விநாடி முயன்றுவிட்டு மேலே போய்விடும். செயலியில் அந்த டிக்கும் இருந்தது. காலையில் மோட்டார் போட்டதும் உண்மை. மோட்டார் பலகையின் நிரல் வேறு மாதிரியிலிருந்து எடுத்தது. அது இணைப்பு கிடைக்கும்வரை முயன்றுகொண்டே இருக்கும்.

மின்தடம்:
அதுதான் வேறுபாடு. ஈஎஸ்பி32 ஓரிரு விநாடியில் எழுந்துவிடும். ரவுட்டர் எழுந்து வைஃபை கொடுக்க ஒன்றிரண்டு நிமிடம்கூட ஆகும். பத்து விநாடியில் கைவிட்ட பலகை அப்படியே ஊமையாகிவிட்டது. இணைப்பு இருக்கிறதா என்ற சோதனையை `loop()` உள்ளே கொண்டுவாருங்கள்.

இப்போது கட்டளை டாபிக்கைத் துடைத்துவிடுங்கள். ரீடெயின் குறியோடு வெற்றுச் செய்தி அனுப்பினால் புரோக்கர் வைத்திருப்பதை விட்டுவிடும்:

```
mosquitto_pub -t motor/kattalai -r -n
```

செயலியில் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். ரீடெயின் என்பது 'இப்போது எப்படி இருக்கிறது' என்பதற்கு. 'இதைச் செய்' என்பதற்கு ஒருபோதும் கூடாது.

வேலனுக்கு: க்யூஓஎஸ் பற்றி நீங்கள் சொன்னதில் பாதி சரி. 0 என்றால் ஒப்புகை கிடையாது என்பது உண்மை. ஆனால் 2 போட்டாலும் அந்த உறுதி அனுப்புபவருக்கும் புரோக்கருக்கும் இடையே ஒன்று, புரோக்கருக்கும் பெறுபவருக்கும் இடையே இன்னொன்று, அவ்வளவுதான். ரிலே ஒட்டியதா, மோட்டார் சுழன்றதா என்பதை அது சொல்லாது. அதற்குத்தான் `motor/nilai` என்று தனி டாபிக். அதுவும் இங்கே பாதிதான் உண்மை பேசுகிறது: சுவர் சுவிட்சை அணைத்த பிறகும் ON என்கிறது, ஏனென்றால் பலகைக்குத் தன் ரிலே மட்டுமே தெரியும். இன்னொன்று, ஆர்டுயினோவில் பெரும்பாலோர் எடுக்கும் `PubSubClient` நூலகம் க்யூஓஎஸ் 0-இல் மட்டுமே அனுப்பும்.

கிளீன் செஷனை அணைப்பது அதைவிட ஆபத்து. மோட்டார் பலகை இணைப்பில் இல்லாத நேரத்தில் நீங்கள் க்யூஓஎஸ் 1-இல் அனுப்பிய ON, வரிசையில் நின்று, பலகை திரும்பியதும் போய்ச் சேரும். ரீடெயின் இல்லாமலே நேற்று நடந்தது மறுபடி நடக்கும்.

வேலன் கே:
அப்படியென்றால் கட்டளை தொலைந்தால் தொலையட்டும் என்கிறீர்களா? பொத்தானை அழுத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை என்றால் பயனருக்கு எரிச்சல்தானே வரும்?

மின்தடம்:
எரிச்சல் வரட்டும். `motor/nilai` ON ஆகவில்லை என்பது திரையில் தெரிகிறது, இன்னொரு முறை அழுத்துவார். தண்ணீர் இறைக்கும் மோட்டாருக்குத் தாமதமாக வந்த கட்டளையைவிட வராத கட்டளை மேல்.

செல்வி ரா:
இதே மாதிரி எனக்கும் ஒரு தொல்லை. தோட்டத்துத் தொட்டியில் மின் இணைப்பு இல்லை. பலகை பேட்டரியில் ஓடுகிறது. அரை மணிக்கு ஒருமுறை விழித்து, மட்டத்தை அனுப்பிவிட்டு ஆழ்துயிலுக்குப் போய்விடும். சில நேரம் அனுப்பிய மட்டம் புரோக்கருக்கே வருவதில்லை. அது செத்துவிட்டதா, தூங்குகிறதா என்றும் தெரிவதில்லை. லாஸ்ட் வில் போடச் சொன்னார்கள். போட்டேன், எப்போது பார்த்தாலும் `offline` என்றே காட்டுகிறது.

மின்தடம்:
செல்வி, உங்களுடையது வேறு நோய். முதலில் கேணிக்கரைக்கு லாஸ்ட் வில் பற்றிச் சொல்லிவிட்டு உங்களிடம் வருகிறேன்.

இணையும்போதே பலகை ஒரு செய்தியைப் புரோக்கரிடம் கொடுத்து வைக்கிறது: நான் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டால் இதை எல்லோருக்கும் அனுப்பு என்று. இணைந்த உடனே அதே டாபிக்கில் `online` போட வேண்டும்.

```
if (client.connect("thotti-1", user, pass,
                   "thotti/inaippu", 1, true, "offline")) {
  client.publish("thotti/inaippu", "online", true);
}
```

இதற்கு ரீடெயின் வேண்டும், இது நிலைதானே. பலகை போய்விட்டது என்று புரோக்கர் எப்போது முடிவு செய்யும்? கீப் அலைவ் நேரத்தின் ஒன்றரை மடங்கு ஓசை இல்லாவிட்டால். `PubSubClient` இயல்பாக 15 விநாடி வைக்கிறது, எனவே ஏறக்குறைய 22 விநாடி. செயலியில் மட்டத்துக்குப் பக்கத்திலேயே இந்த டாபிக்கையும் காட்ட வையுங்கள்.

ஆனால் கவனியுங்கள். லாஸ்ட் வில் இணைப்பைப் பற்றி மட்டுமே பேசும். சென்சார் வயர் அறுந்தாலும் பலகை உயிரோடு இருந்தால் `online` தான். ஆகவே மோட்டாரைக் காப்பது மோட்டார் பலகையின் வேலையாக இருக்க வேண்டும்: மட்டம் வருவது நின்றால் தானே அணைய வேண்டும். தொட்டி காலியிலிருந்து நிரம்ப எவ்வளவு நேரம் ஆகும்?

செல்விக்கு: உங்கள் பலகை விடைபெறாமல் தூங்குகிறது, அதனால் ஒவ்வொரு முறையும் லாஸ்ட் வில் கிளம்புகிறது. `client.disconnect()` சொல்லிவிட்டுத் தூங்கினால் அது கிளம்பவே கிளம்பாது. இரண்டிலுமே உங்களுக்குப் பயனில்லை. தூங்கும் பலகைக்கு லாஸ்ட் வில்லை விட்டுவிட்டு, கடைசிச் செய்தி வந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதைப் பாருங்கள். அரை மணிக்கு ஒன்று என்றால் ஒன்றே கால் மணி நேரம் எதுவும் வராதபோது கவலைப்படலாம். மட்டம் தொலைவதற்குக் காரணம், `publish()` முடிந்ததும் தூங்கிவிடுவதாக இருக்கலாம். தரவு வைஃபையில் வெளியேறுமுன் ரேடியோ அணைந்துவிடும். `disconnect()` சொல்லி, சிறிது தாமதம் கொடுத்துத் தூங்க வைத்துப் பாருங்கள்.

கேணிக்கரை:
காலியிலிருந்து நிரம்ப 40 நிமிடம்.

மின்தடம்:
அப்படியென்றால் உச்சவரம்பு 50 நிமிடம். மட்டம் 30 விநாடிக்கு ஒன்று என்பதால், மூன்று தவறினால் நிறுத்தலாம்.

```
if (motorOn &&
    (millis() - lastLevelMs > 90000UL ||
     millis() - startedMs > 50UL * 60 * 1000)) {
  motorOff();
}
```

இதில் ஒரு பொறி இருக்கிறது. `PubSubClient` உங்கள் கால்பேக்குக்கு டாபிக், செய்தி, நீளம் மூன்றை மட்டுமே தரும். ரீடெயின் குறியைத் தராது. இணைந்ததும் கைக்கு வரும் பழைய 68-ஐயும் இப்போதுதான் அளந்த 68-ஐயும் பலகையால் பிரித்தறிய முடியாது. எனவே ஒவ்வொரு இணைப்புக்குப் பிறகும் முதல் மட்டத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். இரண்டாவது வந்த பிறகே மோட்டார் ஓடலாம்.

என்னைக் கேட்டால் மட்டத்துக்கு ரீடெயினே வேண்டாம் என்பேன்.

வேலன் கே:
இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ரீடெயின் இல்லையென்றால் செயலியைத் திறந்ததும் வெற்றுத் திரை, 30 விநாடி காத்திருக்க வேண்டும். செல்வியின் தொட்டிக்கு அரை மணி! அளந்த நேரத்தையும் சேர்த்து அனுப்பினால் போதாதா?

மின்தடம்:
நேரத்தைச் செயலி கண்ணில் படும்படி காட்டினால் போதும்தான். பல செயலிகள் எண்ணைப் பெரிதாகவும் நேரத்தை எறும்பு அளவிலும் காட்டுகின்றன. செல்வியின் தொட்டிக்கு ரீடெயின் தேவை, அதை மறுக்கவில்லை. மோட்டார் ஓட்டுகிற இடத்தில் என் கருத்து மாறாது.

பழைய மீட்டர்:
இத்தனை நிபந்தனைகள் எழுதுவதற்கு, தொட்டியின் மேல்விளிம்பில் ஒரு மிதவைச் சுவிட்சைத் தொங்கவிட்டு, மோட்டார் ஸ்டார்ட்டரின் காயில் வயரோடு தொடராக இணைத்தால் முடிந்தது. நீர் ஏறினால் மிதவை தூக்கும், காயில் விடும், மோட்டார் நிற்கும். அதற்கு வைஃபையும் வேண்டாம், புரோக்கரும் வேண்டாம்.

மின்தடம்:
இதில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. கேணிக்கரை, அதையும் போடுங்கள். நிரல் என்ன சொன்னாலும் மிதவைதான் கடைசி வார்த்தை பேச வேண்டும். அந்தக் காயிலில் ஓடுவது மின்வாரிய மின்சாரம், தொட்டி ஈரமான இடம். எனவே வேலையை மின்பணியாளர் செய்யட்டும்.

கேணிக்கரை:
எல்லாவற்றையும் மாற்றினேன், மிதவை தவிர. மோட்டார் ஓடும்போது தொட்டிப் பலகையின் மின்சாரத்தைப் பிடுங்கிப் பார்த்தேன். இருபது விநாடி தாண்டியதும் `offline` வந்தது, ஒன்றரை நிமிடத்தில் மோட்டார் நின்றது.

ஆனால் இன்று காலை புதுச் சிக்கல். மட்டம் 121 என்று வந்தது! தொட்டியில் பாதிதான் நீர். மோட்டாரைப் போட்டால் உடனே அணைகிறது. சற்று நேரத்தில் தானாகச் சரியாகிவிட்டது.

வேலன் கே:
எளிது. `constrain(alavu, 0, 100)` போடுங்கள். நூறுக்கு மேல் போகவே போகாது.

மின்தடம்:
போகாது, பிழையும் கண்ணுக்குத் தெரியாது. 121 எப்படி வந்தது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். தூரம் 0 என்றால் 145-இல் ஒன்றும் கழியாது. 145-ஐ 120-ஆல் வகுத்தால் 1.21. தூரம் ஏன் 0? எதிரொலி வராமல் நேரம் முடிந்தால் `pulseIn()` திருப்பித் தருவது 0. அதாவது 'ஒன்றும் கேட்கவில்லை' என்பதை உங்கள் நிரல் 'நீர் சென்சாரைத் தொடுகிறது' என்று படித்திருக்கிறது. வரம்பு கட்டியிருந்தால் 100 என்று காட்டும். நீங்களும் தொட்டி நிரம்பியிருக்கிறது என்று நம்பி இருந்துவிடுவீர்கள்.

0 வந்தால் அந்த அளவை வீசிவிடுங்கள். ஐந்து முறை அளந்து நடுமதிப்பை எடுங்கள். ஐந்தில் மூன்று 0 என்றால் மட்டத்தை அனுப்பாமல், `thotti/sensor` டாபிக்கில் `pizhai` என்று அனுப்புங்கள். மட்டம் வராததால் மோட்டார் 90 விநாடியில் தானே நிற்கும், தனி நிரல் வேண்டாம். காலையில் மட்டும் வருகிறது என்றால் சென்சார் முகத்தில் நீர்த்துளி படிந்திருக்க வாய்ப்பு அதிகம். மூடியைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

இன்னொரு சோதனை பாக்கி. தொட்டிப் பலகையைப் பிடுங்கினீர்கள், சரி. மோட்டார் ஓடும்போது புரோக்கர் கணினியைப் பிடுங்கிப் பார்த்தீர்களா?

கேணிக்கரை:
இப்போது பார்த்தேன். மோட்டார் நிற்கவில்லை! ஐந்து நிமிடம் பொறுத்துவிட்டுக் கையால் அணைத்தேன். 90 விநாடிச் சோதனை `loop()` உள்ளே இருக்கிறதே?

மின்தடம்:
இருக்கிறது, ஆனால் அங்கே ஆள் வந்து சேர்வதில்லை. மோட்டார் பலகையின் நிரலில் `reconnect()` இப்படி இருக்குமே:

```
while (!client.connected()) {
  if (!client.connect("motor-1")) delay(5000);
}
```

நூலகத்தோடு வரும் எடுத்துக்காட்டின் அமைப்பு இது. புரோக்கர் இல்லாதவரை நிரல் இந்த வளையத்திலேயே சுற்றும்; `loop()` அடுத்த வரிக்கு நகராது. `while`-ஐ எடுத்துவிட்டு, கடைசி முயற்சிக்குப் பின் ஐந்து விநாடி கடந்திருந்தால் ஒரே ஒருமுறை முயன்றுவிட்டு வெளியே வரும்படி `if` ஆக மாற்றுங்கள். மோட்டார் சோதனையை `loop()`-இன் முதல் வரிகளிலேயே வையுங்கள். ஒற்றை `connect()` கூடச் சில விநாடிகள் பிடித்து வைக்கலாம். 90 விநாடி வரம்புக்கு அது பொருட்டில்லை.

கேணிக்கரை:
மாற்றினேன். புரோக்கர் கணினியைப் பிடுங்கினால் இப்போது ஒன்றரை நிமிடத்தைச் சற்றுத் தாண்டி நிற்கிறது. ரவுட்டரை அணைத்தாலும் அப்படியே. சென்சார் மூடியில் துளித்துளியாக நீர் இருந்தது, துடைத்திருக்கிறேன். மறுபடி படியாமல் இருக்க வழி உண்டா?

பழைய மீட்டர்:
சென்சாரை ஒரு குட்டைக் குழாய்க்குள் ஏற்றி வைத்துப் பாருங்கள், ஆவி நேரே படாது.

மின்தடம்:
குழாயின் உட்சுவரிலிருந்தே எதிரொலி வரக்கூடும், எச்சரிக்கை. எனக்குத் தெரிந்த ஒருவருக்குக் குழாய் சரியாக வேலை செய்தது, இன்னொருவருக்கு எப்போதும் ஒரே தூரம் காட்டியது. வைத்த பிறகு தொட்டியை ஒருமுறை முழுதாக இறக்கி ஏற்றி, அளவுகோலோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

செல்வி ரா:
`disconnect()` போட்ட பிறகு எனக்கு இதுவரை எதுவும் தொலையவில்லை. ஆனால் விழித்திருக்கும் நேரம் கூடிவிட்டது, பேட்டரி எவ்வளவு தாங்கும் என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு விழிப்பிலும் வைஃபை இணைவதற்கே பெரும் பங்கு போகிறது. ரவுட்டர் முகவரியை நிலையாகக் கொடுத்துவிட்டால் குறையுமா? யாராவது அளந்து பார்த்ததுண்டா?